மேல் வரியில் இருந்தவர்

ஜாஸ்லினிடம் ஒரே வேலையை இரண்டாவது தடவை செய்யச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். டீ டம்ளரைக் கழுவி வைத்ததை மறுபடி கழுவச் சொன்னாலும் அப்படித்தான். புள்ளியியல் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண். கூடப் படித்தவர்களெல்லாம் பெங்களூருக்கு ரயிலேறிவிட, இவள் மட்டும் தஞ்சாவூரை விட்டு நகரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். "இங்கேயே ஒரு வேலை கிடைச்சிடும்க்கா, பாருங்க" என்பாள். நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், நஃபீசா. என் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். இங்கேயே இருப்பேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவர்கள் வீட்டைக் காத்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறார்கள். இதை வைத்துப் பிழைக்கிற நிறுவனம்தான் எங்களுடையது. எங்கள் பெண்கள் வாரம் ஒரு தடவை அந்தப் பெரியவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் எடுப்பார்கள், என்ன சாப்பிட்டார், எங்கே நடந்தார் என்று விசாரித்து எக்செல் தாளில் குறிப்பார்கள். திங்கட்கிழமை அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி அறிக்கையாக மின்னஞ்சலில் போகும்.

இந்தச் சேர்க்கிற வேலையை முன்பு இர்பான் என்ற பையன் கையால் செய்துகொண்டிருந்தான். தோஹாவில் வேலை கிடைத்ததும் ஜாஸ்லினிடம் ஒப்படைத்துவிட்டுப் பறந்துவிட்டான். வெட்டி வெட்டி ஒட்டுவதுதான் வேலை. முதல் திங்கட்கிழமை முழுதும் ஒட்டினாள். இரண்டாவது திங்கட்கிழமை ஒட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். அதற்கப்புறம் பைத்தானில் எழுதிவிட்டாள்.

"அவ்வளவு சின்னதா?" என்று கேட்டேன். திரையில் ஒரு பக்கம்கூட வரவில்லை.

"இது போதும்க்கா. ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் படிக்கும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு மெயில் எழுதி அனுப்பிடும்."

ஒரே ஒரு இடத்தில் மட்டும் முரண்டு பிடித்தது. எங்கள் பெண்கள் ஊர்ப் பெயரை ஒரு தடவைதான் எழுதுவார்கள். அதே ஊரில் அடுத்த ஆள் என்றால் ஊர்க் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். மனிதர் படித்தால் புரியும், கணினிக்குப் புரியுமா? வெறும் கட்டம் இருந்த இடமெல்லாம் 'nan' என்று துப்பியது. ஜாஸ்லின் ஒரு வரி சேர்த்தாள். ffill என்று பெயர். கட்டம் காலியாக இருந்தால் அதற்கு மேல் கட்டத்தில் இருப்பதை இழுத்துக் கீழே நிரப்பும். ஓட்டிப் பார்த்தாள். ஒரு 'nan' கூட இல்லை.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். இதே மாதிரி ஓடினால் பயிற்சி முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். திங்கட்கிழமை காலை ஜாஸ்லின் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, ஏதோ ஞானப்பாட்டை முனகிக்கொண்டு டீ குடிக்கப் போவாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரில் ஒரு பிள்ளையாவது தங்குகிறதே.

சம்பா அறுப்பு முடிந்த சமயம் சிங்கப்பூரிலிருந்து மதியழகன் என்பவர் போன் செய்தார். பூதலூருக்கு அப்பால் வாய்க்கால் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே அவருடைய அப்பா அரசப்பன் தனியாக இருக்கிறார். மனைவி போனபிறகு முழங்கால் வலி அவரை வீட்டோடு முடக்கிப் போட்டிருந்தது. அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். மதியழகன் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"மேடம், அப்பா தினம் வாய்க்காலுக்கு நடந்து போய்க் குளிக்கிறாராமே! ஒவ்வொரு வாரமும் உங்க ரிப்போர்ட்ட படிச்சிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் பேசறேன். ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

"கண்டிப்பா சார்" என்றாள் ஜாஸ்லின்.

படம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பக்கம் போய் வருகிற எங்கள் பெண் வைரக்கண்ணுவின் மூலத் தாளைத் திறந்தாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவள் கை சட்டென்று நின்றது.

"அக்கா, இங்க வாங்க."

அரசப்பன் என்று பெயர் இருந்தது. அதற்கு நேரே மகனுடைய மின்னஞ்சல் முகவரியைத் தவிர எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன. முந்தின வாரத் தாளைத் திறந்தாள். வெறுமை. அதற்கு முந்தினதும் அப்படியே. அந்தப் பெயருக்கு மேல் வரியில் அதே ஊர்க்காரர் இராஜாங்கம் இருந்தார். ரத்த அழுத்தம், சாப்பிட்ட கெண்டைக் குழம்பு, வாய்க்கால் குளியல் எல்லாம் இருந்தன. அரசப்பன் மகனுக்குப் போன அறிக்கையைப் பக்கத்தில் வைத்தாள். ஓர் எழுத்து மாறவில்லை.

"ஊர்க் கட்டத்துக்கு மட்டும் நிரப்பச் சொல்லியிருக்கணும்க்கா. நான் மொத்தத் தாளுக்கும் சொல்லிட்டேன்" என்றாள்.

இர்பானுக்குப் போன் போட்டேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "வெறுமனே இருந்தா ஆளைப் பார்க்க முடியலன்னு அர்த்தம்க்கா. உடனே வீட்டுக்குப் போன் பண்ணணும். இது எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியுமாம்! தோஹாவுக்குப் போகிற அவசரத்தில் சொல்லிவிட்டுப் போக வாய் வரவில்லை அவனுக்கு.

அந்த வாரத்து அறிக்கையை ஜாஸ்லின் நிறுத்தினாள். நிரப்புகிற வரியை ஊர்ப் பெயருக்கு மட்டும் என்று மாற்றினாள். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தால் மின்னஞ்சல் போகாமல், 'போன் செய்யவும்' என்று தனியாக நிற்கும்படி செய்தாள். பிறகு பழைய வாரங்கள் முழுவதையும் சோதித்தாள். இப்படி மாறிப் போனது அரசப்பன் ஒருவருக்குத்தான். அவருடைய எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"உள்ள எப்படி இருக்காருன்னே நமக்குத் தெரியாதுக்கா" என்றாள். மத்தியானமே கிளம்பிவிட்டோம்.

வைரக்கண்ணு ஊர் முனையில் காத்திருந்தாள். ஜாஸ்லின் கோபமாகக் கேட்டாள்: "பார்க்க முடியலன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதாங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! வயசானவங்க பேருக்கு நேரா ஆளைக் காணோம், வீடு பூட்டுன்னு எழுதுவாங்களா யாராவது? எழுதினா பலிச்சிடும். இந்தப் பக்கம் நாங்க யாருமே எழுத மாட்டோம். விட்டுடுவோம், ஆபீஸ்ல போன் பண்ணுவாங்க. இத்தனை வாரமா ஏன் பண்ணலன்னுதான் நானும் யோசிச்சேன்." ஆள் உள்ளேதான் இருக்கிறாராம். அடுத்த வீட்டில் சன்னல் வழியாகச் சோறு கொடுக்கிறார்களாம். முதல் தடவை தட்டியபோது அசந்து தூங்கியிருந்தாராம்; அதற்கப்புறம் கதவைத் திறப்பதே இல்லையாம்.

அறுத்த வயலில் நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. அந்த வெயிலில் ஒரு காக்கையின் சத்தம்கூட இல்லை. வீட்டின் சன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜாஸ்லின் தட்டினாள்.

"அரசப்பன் ஐயா! ஐயா!"

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அவன் இல்லீங்க. வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருக்கான்."

ஜாஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வைரக்கண்ணு, "அது அவர் குரல்தாம்மா" என்றாள், அதுவும் ரகசியமாக.

கெஞ்சிக் கூத்தாடித்தான் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. ஒடுங்கிப்போன பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாவை மிதிச்சிடாதீங்க" என்றார். நிலைப்படிக்கு உள்பக்கம், சுவரோரம் தவிரத் தரை முழுக்க அரிசி மாவு தூவியிருந்தது. ஒரு தடம்கூட இல்லாமல் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது.

"எதுக்குங்க ஐயா இது?"

"நான் எப்ப வெளிய போறேன்னு பார்க்கத்தான்." அவர் கீழேயே பார்த்துக்கொண்டு சொன்னார். "என் மவன் போன்ல சொல்றான், நேத்து வாய்க்காலுக்குப் போனீங்களாமே, கெண்டைக் குழம்பு சாப்பிட்டீங்களாமேன்னு. எனக்கு ஒண்ணும் நினைவில்ல. மொதல்ல கால்ல சேறு இருக்கான்னு பார்த்தேன். இல்ல. அப்புறம் தாழ்ப்பாள் போட்டேன். அடுத்த வாரமும் போனேன்னு சொல்றான். மாவைத் தூவினேன். அப்பவும் போயிருக்கேன். தடமே விழாம எப்படிப் போறேன்னு தெரியல."

"இல்லைன்னு மகன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"ஞாபகம் தப்பிப் போச்சுன்னா ஹோம்ல சேர்த்துடுவேன்னு சொல்லியிருக்கான். ஆமாண்டா, தண்ணி சில்லுன்னு இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அவர் பயத்தில் கதவை அடைத்தார். அடைத்ததால் கட்டம் வெறுமையானது. வெறுமையில் இராஜாங்கம் வந்து நிறைந்தார். அதைக் கேட்டு இவர் இன்னும் இறுக்கி அடைத்தார்.

ஜாஸ்லின் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. இராஜாங்கத்தின் வரியைக் காட்டினாள், இவருடைய வெறும் வரியைக் காட்டினாள், மேலே இருந்தது கீழே இறங்கிய விதத்தை விரல் வைத்துக் காட்டினாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க ஐயா. நீங்க எங்கயும் போகல. தப்பு என்னுது."

"நான் போகல" என்றார் அவர். தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. தெளிந்த கொஞ்ச நேரத்தில் வேறு ஏதோ அதில் வந்து நின்றது.

"அப்ப என் மவன் இத்தனை நாளும் பேசினது இராஜாங்கத்தோடயா?"

ஜாஸ்லின் அங்கிருந்தே மதியழகனைக் கூப்பிட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று நடந்ததை அப்படியே சொன்னாள். அப்பாவிடம் கொடுங்கள் என்றார் அவர்.

பெரியவர் போனைக் காதில் வைத்தார். "நான்தாண்டா" என்றார். "ஆமா, வீட்டுலதான். இல்ல, எங்கயும் போகல. கால் அப்படியேதான் இருக்கு. சாப்பிட்டேன். சரி. சரி, வேலையைப் பாரு." போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வச்சுட்டான்" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் என்னைத் துளைத்தது.

வைரக்கண்ணு துடைப்பத்தை எடுத்து மாவைக் கூட்ட ஆரம்பித்தாள். ஜாஸ்லின் எழுந்து சன்னலைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்கத் தயங்குகிறார் என்று தெரிந்தது.

"என்னங்க ஐயா?" என்றாள்.

"இராஜாங்கம் இந்த வாரம் என்னென்ன பண்ணினான்னு சொல்லும்மா. மெதுவா நானும் செஞ்சு பார்க்கறேன்."