ஏழாம் அத்தியாயத்திலிருந்து எடுத்த வரி

பெரிய அதிகாரிகள் ஓர் அறிக்கையில் படிப்பது முதல் இரண்டு பக்கத்தைத்தான். இது தெரிந்தும் இருநூறு பக்கம் பத்தி பத்தியாக எழுதித் தள்ளுகிறவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம், இன்றும் கோபம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புனேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கட்கியிலிருந்து தினமும் பஸ். வறண்ட கிராமங்களில் அரசாங்கம் போட்ட அடிபம்புகளைப் பற்றி எங்கள் ஆட்கள் ஓர் அறிக்கை முடித்திருந்தார்கள். பம்பாயில் இருக்கும் துறைச் செயலாளருக்கு அது போக வேண்டும். அதற்கு முன்னால் வைக்க இரண்டு பக்கச் சுருக்கம் எழுதும்படி டைரக்டர் என்னிடம் கொடுத்தார்.

எங்கள் நிறுவனத்தில் சுருக்கம் என்றால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு பத்தியாகச் சுருக்கி வைப்பது. முதல் அத்தியாயம் மழை, இரண்டாவது மண், மூன்றாவது திட்டத்தின் வரலாறு. செயலாளர் மண்ணைத் தாண்டுவதற்குள் டீ வந்துவிடும். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒரு பத்திக்கு ஓர் அட்டை எடுத்துக்கொண்டேன். அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரி, மூலையில் பத்தி எண். பிறகு அட்டைகளைப் பிரித்தேன்: பின்னணி, அபிப்பிராயம், கண்டவை, பரிந்துரை. பின்னணிக் கட்டுதான் செங்கல் மாதிரி கனத்தது. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். மிச்சமிருந்தவற்றில் கண்டவற்றை மேஜையின் இடது பக்கமும் பரிந்துரைகளை வலது பக்கமும் வைத்து ஜோடி சேர்த்தேன்.

இரண்டு அட்டைகளுக்கு ஜோடி கிடைக்கவில்லை. வலது பக்கம், 'அடுத்த கட்டத்தில் பம்புகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும்' என்று ஒன்று. அதற்கு ஆதாரமாக அறிக்கை முழுக்க ஒரு வரி கிடையாது. இடது பக்கம், ஏழாம் அத்தியாயத்தின் பதினான்காம் பத்தி. மழையளவுக்கும் உதிரிபாகத்துக்கும் நடுவில் அதைப் புதைத்திருந்தார்கள். பார்த்த கிராமங்களில் பெரும்பாலானவற்றில் பம்பு ஊர் நடுவில் இருக்கிறது, ஊருக்கு வெளியே இருக்கும் வஸ்தியின், அதாவது தலித் குடியிருப்பின், பெண்கள் அதைத் தொடக் கூடாது, யாராவது அடித்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்கிறார்கள். அதற்கு ஒரு பரிந்துரையும் இல்லை. படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுருக்கத்தில் வராவிட்டால் இந்தப் பெண்கள் நின்றது நின்றதுதான், ஒருவர் கண்ணிலும் படாது.

கண்டவற்றில் அதை முதலாவதாகப் போட்டேன். அதற்கு நேராக ஒரு பரிந்துரை: இனி பம்பு போடுமுன் வஸ்திப் பெண்களைக் கேட்டு இடம் குறிக்க வேண்டும், பொறுப்பு மாவட்ட அதிகாரிக்கு, அடுத்த கோடைக்குள். வஸ்தியிலேயே இடம் குறிக்கலாம் என்று களத்துக்குப் போனவர்கள் தங்கள் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அவர்களைக் கேட்டு, அறிக்கையிலும் அதை ஒரு பத்தியாகச் சேர்க்கச் செய்தேன். இரட்டிப்பு வரியைச் சுருக்கத்தில் சேர்க்கவில்லை.

டைரக்டர் தஞ்சாவூர்க்காரர். கதவு மூடியிருந்தால் மட்டும் என்னிடம் தமிழ் பேசுவார். அன்று கதவை மூடச் சொன்னார். இரட்டிப்பைத் துறையே எதிர்பார்க்கிறது, அதைச் சேர்க்க வேண்டும் என்றார். முதல் வரி துறையில் இருப்பவர்கள் மனதைப் புண்படுத்தும், அதை எடுத்துவிட வேண்டும் என்றார். சுருக்கத்தில் புது விஷயம் வரக்கூடாது என்பது இந்த நிறுவனத்தின் விதி என்று ஞாபகப்படுத்தினார்.

"புதுசு இல்ல சார். ஏழு பதினாலு. உங்க கையெழுத்துப் போட்டுதான் அச்சுக்குப் போகுது. இரட்டிப்புக்குத்தான் எந்தப் பாரான்னு தெரியல, நீங்க நம்பர் சொல்லுங்க, போட்டுடறேன்."

அவர் அறிக்கையைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உன் வேலைய நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேஜையிலதாம்மா இருக்கு."

"அது அங்கேயே இருக்கட்டும் சார். இந்த வரிய நான் எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா ஏழு பதினாலயும் எடுத்துடுங்க. களத்துக்குப் போனவங்ககிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

 உட்காராமல் நின்றேன். களத்துக்குப் போனவர்களிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். சுருக்கத்தைப் பிரதி எடுக்கும் ஸ்டென்சிலை நானே தட்டச்சில் வெட்டினேன், ஒரு வரி மாறாமல் போயிற்று.

செயலாளரின் பிரதி சில வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இருநூறு பக்கமும் புரட்டப்படாமலே இருந்தன. முதல் பக்கத்தில், என் முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: 'இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?'

நிரந்தர ஆர்டர் அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. கேட்டுப் போய் நிற்கவும் இல்லை. களத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவரைப் பிறகு விசாரித்தேன். ஒரே ஒரு கிராமத்தில் வஸ்திக்குள் பம்பு போட்டிருக்கிறார்கள், பெண்கள் தாங்களே அடித்துக்கொள்கிறார்கள் என்றார். ஒன்றாவது வந்ததே, சந்தோஷப்படு என்று அவர் சொன்னார். நான் சந்தோஷப்படவில்லை. வஸ்திக்குள் இன்னும் பம்பு வராத மற்ற கிராமங்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.