ஆத்தா வந்ததைச் சொல்லவில்லை

என் அறைத்தோழிக்குச் சளி பிடித்தால் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பமே கிளம்பி வந்துவிடும். அக்கா, மாமா, சித்தப்பா, அடுத்த வீட்டு ஆயா. இறால் தொக்கு, சுக்குக் கஷாயம், ஒரு பை நிறைய ஆரஞ்சு. இத்தனைக்கும் நாலு தும்மல்தான். எனக்கு மூட்டெல்லாம் வீங்கி, காலையில் பல்விளக்கக் கை மடங்காமல் நின்ற நாட்களில் வந்தது யார்? திருநின்றவூரிலிருந்து அண்ணன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவான். "டேக் கேர்." அவ்வளவுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு மேல்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. தொழிற்பேட்டையில் அவள் ஒரு கம்பெனி, நான் ஒரு கம்பெனி. எனக்கு முடக்குவாதம். அதற்கு நான் சாப்பிடும் மாத்திரைகள் மூட்டு வீக்கத்தை அடக்கும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். மற்றவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில். போன மழைக்காலத்தில் அவளுடைய மாமா இருமிவிட்டுப் போன இருமல் என் நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்.

"உன் ஆளுங்கள வர வேண்டாம்னு சொல்லல. காய்ச்சல், இருமல், வாந்தி பேதி, யாருக்கு எது இருந்தாலும் வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. நான் ரூமுக்குள்ள போயிடுவேன், இல்ல நீ அவங்கள மொட்டை மாடிக்குக் கூட்டிக்கினு போ. உனக்கே முடியலன்னா மாஸ்க் போட்டுக்கோ, உன் டம்ளரும் துண்டும் தனியா இருக்கட்டும், சமையலறைக்கு ஒருத்தர் வெளிய வந்தப்புறம் இன்னொருத்தர் போவோம். ஜன்னலத் திறந்தே வைப்போம்."

முகம் சுளிப்பாள், ஒரு சண்டைக்காவது வருவாள் என்று எதிர்பார்த்தேன். "இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். அந்த நல்ல குணத்தைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஊரே சுற்றி நிற்கிறவளுக்கு விட்டுக்கொடுப்பது சுலபம்.

சொன்னபடி நடந்தாள், அதையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் இருக்கும்போதே என் போனுக்குச் செய்தி வந்துவிடும். "மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, மாடில உக்கார வெச்சிருக்கேன்." "சித்தப்பா நல்லாத்தான் இருக்காரு, உள்ள வரலாமா?" நான் வீடு திரும்பும்போது தலைக்கு மேலே மொட்டை மாடியில் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்கும். நான் போட்ட சட்டம்தான். அது அத்தனை சிரிப்பையும் ஒரு மாடி மேலே ஏற்றிவிட்டு, என்னைக் கீழே தனியாக உட்கார வைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கிவிட்டு வந்தால், கூடத்தில் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மஞ்சள். மடியில் ஒரு தூக்குவாளி. போனில் செய்தி எதுவும் வரவில்லை. அப்படியென்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கடைக்குப் போட்டுப்போன மாஸ்க்கைக் கழற்றினேன்.

"வாம்மா, உனக்குத்தான் காத்துக்கினு கீறேன். கோயில்ல கூழ் ஊத்துனோம். தங்கச்சிக்கு மட்டுமா எடுத்தாருவேன்? இந்தா, உன் பங்கு," என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

என் பங்கு! அந்த ஒரு வார்த்தையில் நான் கவிழ்ந்துவிட்டேன். தோளோடு தோள் உரச உட்கார்ந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழைக் குடித்தேன். அக்கா என் விரல்களை நீவிவிட்டாள். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன, அக்காவுக்குக் காற்று ஆகாதாம். அது ஏன் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் கொண்டையை அவிழ்த்து முடிந்தபோதுதான் பிடரி கண்ணில் பட்டது. பொருக்கு கட்டிய புள்ளிகள். அவற்றுக்கு நடுவே இன்னும் காயாமல் நீர் கோத்து நின்ற இரண்டு மூன்று கொப்புளங்கள்.

எழுந்து பின்னால் நகர்ந்தேன். "இது என்ன?"

"ஆத்தா வந்து வெளையாடிட்டுப் போனா," என்றாள் அக்கா, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "மொதத் தண்ணி ஊத்தியாச்சு."

தோழியைப் பார்த்துக் கத்தினேன். "சொல்லச் சொன்னேனே! உன்கிட்ட எத்தன வாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?"

அவள் நிஜமாகவே விழித்தாள். "ஒடம்பு சரியில்லாதவங்க வந்தா சொல்லச் சொன்ன. அக்காவுக்கு ஒடம்புக்கு இன்னா? ஆத்தா எறங்கினத யாராவது நோவுன்னு சொல்வாங்களா? வாயில வரக்கூடாதும்மா அது."

காய்ச்சல், இருமல், வாந்தி பேதி என்று அடுக்கிய நானும் அம்மை என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் அதை நோய் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அக்காவை உடனே அனுப்பச் சொன்னேன். ஜன்னல்களை அகலத் திறந்தேன். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டுகிறவரை தொற்றும், தண்ணீர் ஊற்றியது கணக்கில்லை என்றார். ஒரே அறையின் காற்றே போதுமாம், தொட வேண்டும் என்றுகூட இல்லை. "உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

அண்ணனைக் கேட்டேன். "எனக்கு வந்துச்சு. உன்னை அப்பவே ஆரணிக்கு, சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே," என்றான். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் அம்மைக்கான எதிர்ப்பு என் உடம்பில் இல்லை. மூட்டு மாத்திரையில் எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொன்னார், நானாக எதிலும் கைவைக்கவில்லை. வைரஸுக்கு எதிரான மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்றும் குறித்துக் கொடுத்தார். மூன்று வாரம் காய்ச்சலோ கொப்புளமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஒன்று தெரிந்தாலும் ஓடிவர வேண்டும். தோழிக்குச் சிறுவயதிலேயே வந்துபோய்விட்டதாம். அதிலும் அவளுக்கு அதிர்ஷ்டம்!

மூட்டு மாத்திரை குறைந்ததும் விரல்கள் மறுபடி வீங்கின. பயந்து படுத்துக் கிடந்தேன். மறுநாள் காலையில் ஒரு போன்.

"அக்கா பேசுறேம்மா. கொப்புளம் ஏதாவது கீதா? முதுகப் பாத்தியா? தங்கச்சியப் பாக்கச் சொல்லு." குரல் உடைந்திருந்தது. "தெரியாமப் பண்ட்டேன் தாயி."

அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். நாங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், குப்பத்து மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவிலிருந்து. முதலில் கொப்புளத்தை மட்டும் கேட்டவள் பிறகு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள், விரல் மடங்குகிறதா என்று கேட்டாள், என் கம்பெனி சூப்பர்வைசரைத் திட்டினாள். தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, தோழி டிபன் டப்பாவை 'டங்'கென்று மூடினாள்.

"கூடப் பொறந்தவ நான் இங்க நிக்கிறேன். என்ன ஒரு வார்த்த கேக்கல அது."

எவ்வளவு இனிப்பாக இருந்தது தோழியின் அந்த எரிச்சல் குரல்! வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், சிரித்துவிடுவேனோ என்று.

மூன்று வாரம் கடந்தும் கொப்புளம் வரவில்லை. இனி எதற்குப் போன் வரப்போகிறது என்று, பிழைத்த சந்தோஷத்தோடு ஒரு வெறுமையும் சேர்ந்துகொண்டது. மறுநாள் காலையில் போன் வரவும் இல்லை. இழந்த ஒன்றுக்காக ஏங்குகிற மாதிரி ஷிப்ட் முழுக்க அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் தோழியிடமிருந்து செய்தி வந்தது.

"ஞாயித்துக்கெழம அக்கா வருது. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, பொருக்கெல்லாம் உதிர்ந்து ரெண்டு வாரமாவப் போவுது. முன்னாடியே சொல்லிட்டேன். என்னப் பாக்க வரலையாம், உன்னப் பாக்க வருதாம். நான் மாடில போய் உக்காந்துக்கவா?"