அஞ்சு மார்க்குத் தேற்றம்

என் மூத்த மகள் ஒன்பதாவது முழுப்பரீட்சை எழுதிய வருஷம் இது நடந்தது. பாஸானவர்கள் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியபோது அவள் பெயர் அதில் இல்லை. கணக்கில் முப்பத்திரண்டு. முப்பத்தஞ்சு வேண்டும்.

என் வீட்டுக்காரர் வரதராஜன்பேட்டைப் பக்கம் முந்திரிக் காட்டைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிலா? அப்ப படிச்சது போதும். நாளையிலேருந்து கொட்டை உடைக்க வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

மகள் அழவில்லை. "அஞ்சு மார்க்குத் தேற்றம் ஒண்ணு எழுதியிருக்கேம்மா. அது தப்பா இருக்காது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் எட்டாவதோடு நின்றவள். தேற்றமெல்லாம் எனக்குத் தெரியாது. என் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள் என்பது தெரியும். மாதா படத்தின் முன்னால் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

கணக்கு வாத்தியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேப்பரைக் காட்டச் சொன்னதும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, உனக்குக் கணக்கு தெரியுமா?"

"தெரியாதுங்க. எம் பொண்ணுக்குத் தெரியும். அவகிட்ட சொல்லுங்க."

விடைத்தாள் கட்டிலிருந்து அவள் பேப்பரை உருவிப் போட்டார். ஒரு பக்கம் முழுக்க அவள் எழுதியிருந்ததை மூலைக்கு மூலை சிவப்புக் கோட்டால் அடித்து, கீழே முட்டை போட்டிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் உடம்பெல்லாம் எரிந்தது.

"முக்கோணத்தின் மூணு கோணமும் சேர்ந்தா நூத்தெம்பதுன்னு நிரூபிக்கணும். புத்தகத்துல மேல் முனை வழியா இணைகோடு போட்டிருக்கு. இவ அடிப்பக்கத்த நீட்டி வெச்சிருக்கா. அது வெளிக்கோணத் தேற்றத்தோட படம். கேள்வியே புரியல இவளுக்கு."

"படம் மட்டுந்தான் சார் அது மாதிரி" என்றாள் மகள். "பி.சி-ய டி வரைக்கும் நீட்டி, சி-லேருந்து பி.ஏ-வுக்கு இணையா ஒரு கோடு போட்டேன். ஏ கோணமும் பி கோணமும் சி-கிட்ட வந்துடுது. மூணும் நேர்கோட்டுல உக்காந்துடுது. அப்ப நூத்தெம்பதுதானே சார்?"

"வாத்தியாருக்கே சொல்லித் தர்றியா?"

"வாங்க சார், ஹெட்மாஸ்டர்கிட்டயே கேட்டுடுவோம்" என்று நான் பேப்பரை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

ஹெட்மாஸ்டரும் கணக்கு படித்தவர்தான். வினாத்தாளோடு வந்திருந்த, மார்க் போடும் முறை அச்சடித்த தாளை எடுத்து வாசித்தார். படத்துக்கு ஒன்று. தரவுக்கும் நிரூபிக்க வேண்டியதற்கும் ஒன்று. அமைப்புக்கு ஒன்று. கோணங்கள் சமம் என்று காரணத்தோடு காட்டினால் ஒன்று. கூட்டி முடிவு சொன்னால் ஒன்று. வேறு சரியான முறையில் செய்திருந்தாலும் இதேபோல் படிப்படியாக மார்க் தரவேண்டும் என்று கடைசியில் இருந்ததையும் வாசித்தார்.

பிறகு மகளின் பேப்பரில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க ரெண்டுக்கும் ஒன்றுவிட்ட கோணம்னு எழுதியிருக்கியே. ரெண்டாவது என்ன?"

மகள் குனிந்து பார்த்தாள். "ஒத்த கோணம் சார். அது எந் தப்புதான்."

"அந்தக் காரணத்துக்கு ஒண்ணு போச்சு. கோணம் சமங்கறது சரி, அதனால முடிவுக்கு உண்டு. நாலு கொடுக்கலாம்."

முப்பத்தாறு. எனக்கு மூச்சு வந்தது.

கணக்கு வாத்தியார் விடவில்லை. "படத்துல இணைகோட்டுக்கு அம்புக்குறி போடல சார். படத்துக்கு நான் மார்க் தரமாட்டேன்."

"அந்தத் தாள்ல அம்புக்குறின்னு எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

ஹெட்மாஸ்டர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேப்பரில் மூன்று என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். "முப்பத்தஞ்சு வந்துடுச்சில்லம்மா. பாஸு. கூட்டிட்டுப் போங்க."

"பாஸு கேட்டு வரலைங்க நான். அவ போட்ட படத்துக்கு உண்டான மார்க்க ஏன் புடுங்குறீங்க?"

"அம்மா, வாம்மா" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வழியில் அவள் சொன்னாள்: "காரணத்துக்குப் போனது நியாயம்மா. படத்துக்குப் போனது அநியாயம்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் பாஸ் என்றேன். "சரி, போவட்டும்" என்றார். அவள் பத்தாவது போனாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் நமக்குத் தீங்கு செய்தவரை மன்னிக்கிறோம் என்கிற இடம் ஜெபத்தில் வரும்போது அந்த வாத்தியாரின் சிவப்புக் கோடு கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த வரியை வாயால்தான் சொன்னேன். இன்றைக்கும் வாயால்தான் சொல்கிறேன்.