நாற்பது நிமிடக் குரல்

எனக்குப் பார்வை இல்லை. கணினித் திரையில் உள்ளதை எனக்குப் படித்துச் சொல்வது ஒரு மென்பொருள். மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்யும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் தொழில். அந்த மென்பொருளின் குரல் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. என் நாட்குறிப்பும் கணினியில்தான் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் இடி விழுந்ததில் சுரங்க நகரியத்தில் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் இரண்டு டி.வி.யும் என் கணினியும் போயின. மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த சர்வீஸ்காரர் கணினியைத் திறந்து பார்த்தார்.

"மதர்போர்டு போச்சுங்க. ஹார்டு டிஸ்க் நல்லாக்கீது, அதுல ஒண்ணும் பயமில்ல. நாளைக்கு வேற போர்டு கொண்ணாந்து மாட்டிக் குடுத்துட்றேன்."

சொன்னபடி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாட்டிவிட்டார். குரல் வந்தது. ஆனால் முதல் வாக்கியமே இதுதான்: இந்தக் கணினியில் உரிமம் செயல்படுத்தப்படவில்லை, நாற்பது நிமிடங்கள் மட்டும் இயங்கும், தொடர வேண்டுமானால் கணினியை மறுதொடக்கம் செய்யவும்.

"பேசிக்கினுதானேங்க இருக்குது" என்றார் சர்வீஸ்காரர். நாற்பது நிமிடம்தான் பேசும் என்றேன். "எங்க வூட்ல அந்த வசதி இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காரணம் எனக்குத் தெரியும். உரிமம் கணினியின் அடையாளத்தோடு கட்டப்பட்டது. அந்த அடையாளம் பெரிதும் மதர்போர்டைப் பொறுத்தது. போர்டு மாறினால் மென்பொருளுக்கு அது வேறு கணினி. மறுபடியும் செயல்படுத்த வேண்டும். என் உரிமத்துக்கு மூன்று முறை அனுமதி. முன்பு மாற்றிய கணினிகளில் மூன்றும் தீர்ந்துவிட்டன. சென்னையில் உள்ள விற்பனையாளர் அலுவலகம் இன்னோர் அனுமதியைத் திறந்துவிட்டால்தான் உண்டு.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு எனக்குத் தேர்வு. நான் வேலை பார்த்த நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. புதிய நிறுவனம் இரண்டு மணி நேரம் இணையத்தில் சோதித்துத்தான் எடுக்கும். இடையில் வெளியேறினால் தேர்வு முடிந்ததாகக் கணக்கு. என் மனைவிக்கு நான்கு மாதத்தில் ஓய்வு. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். காலி செய்தாக வேண்டும். அதன்பின் வெளியே வாடகை வீட்டுக்கு என் வருமானம்தான். இலவசத் திரைவாசிப்பான்கள் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் தட்டச்சுப் பக்கம் இந்த மென்பொருளோடு மட்டுமே ஒழுங்காக வேலை செய்யும்.

எப்படியும் மறுபடி செயல்படுத்தத்தான் போகிறோம், இதோடு புதிய பதிப்பையும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆறாம் பதிப்பை வாங்கியபோது இரண்டு மேம்படுத்தல்கள் இலவசம் என்றார்கள். ஏழாம் பதிப்பைப் போட்டேன். எட்டு வந்தபோது போடவில்லை. ஏழே போதுமானதாக இருந்தது. மீதமிருந்த ஒன்றைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இப்போது ஒன்பது வந்திருந்தது. ஏழாம் பதிப்பை முழுவதும் நீக்கிவிட்டு ஒன்பதை நிறுவினேன். இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்குச் சென்னை அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தார். போர்டு மாற்றியதைச் சொன்னேன். உரிம எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒரு ஆக்டிவேஷன் ரீசெட் பண்ணியிருக்கேன் சார். பத்து நிமிஷம் கழிச்சு ட்ரை பண்ணுங்க."

பத்து நிமிடம் கழித்து முயன்றேன். செயல்படுத்த இயலவில்லை என்றது குரல். இன்னும் பத்து நிமிடம் விட்டு முயன்றேன். இணைய வயரைப் பிடுங்கி மாட்டினேன். உரிம எண்ணை ஒவ்வோர் எழுத்தாக அழித்து மறுபடி அடித்தேன். நடுவில் நாற்பது நிமிடம் முடிந்து குரல் நின்றது. கணினியை அணைத்துப் போட்டேன். அது எழுந்து பேச ஆறு நிமிடம் ஆனது. தேர்வில் இது இரண்டு முறை நடக்கும். முதல் முறையிலேயே என்னை வெளியேற்றிவிடுவார்கள்.

புது போர்டில்தான் ஏதோ கோளாறு என்று நம்பினேன். சர்வீஸ்காரருக்குப் போன் செய்தேன். சேத்தியாத்தோப்பில் இருக்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்றார். சென்னை அலுவலகம் ஒரு மணிக்கு மூடிவிடும். ஞாயிறு விடுமுறை. திங்கள் பத்துக்குத்தான் திறக்கும்.

மென்பொருள் வாங்கிய விவரத்தைச் சரிபார்க்க நாட்குறிப்பைத் திறந்தேன். எல்லாம் எழுதி வைப்பவன் நான். தேடி எடுத்துக் கேட்டேன். "எட்டாம் பதிப்பு வந்தது. நிறுவவில்லை. இலவச மேம்படுத்தலில் மீதி ஒ..." அந்த இடத்தில் குரல் அறுந்தது. நாற்காலியிலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். அவள் வேலை பார்ப்பது சுரங்க அலுவலகத்தின் லீவுப் பிரிவில்.

"என்னங்க எழுதி வச்சிருக்கீங்க? மீதி ஒண்ணா?"

"ரெண்டு குடுத்தான். ஒண்ணுதான் எடுத்தேன்."

"அது சேருமா?"

"சேராம?"

"முப்பது வருஷமா நான் வந்து பொலம்பினதக் கேட்டுக் கேட்டு, எல்லாத்தையும் ஈ.எல்.னு நெனச்சுட்டீங்களா? இது சி.எல்.லா இருந்தா? எடுத்தாலும் எடுக்காட்டியும் வருஷத்தோட போயிடும். அந்தப் பொண்ணுகிட்ட அதக் கேளுங்க மொதல்ல."

ஈ.எல். என்ற ஈட்டிய விடுப்பு எடுக்காவிட்டால் சேரும், சி.எல். என்ற தற்செயல் விடுப்பு சேராது. இது நகரியத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளே எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். மணி பன்னிரண்டு ஐம்பது.

"இப்ப எந்த வெர்ஷன் சார் போட்டிருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். காலையில் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்பது என்றேன்.

"அதான் சார் எடுக்கல. ஆறு வாங்கும்போது உங்களுக்குக் குடுத்தது அடுத்து வர்ற ரெண்டு வெர்ஷன். ஏழு, எட்டு. நீங்க போட்டாலும் போடாட்டியும் அந்த ரெண்டுதான். ஒன்பது அதுல வராது."

"அப்போ போர்டு?"

"போர்டு மாத்தினதுக்குத்தான் ரீசெட் பண்ணிட்டேனே. அது அப்படியே இருக்கு; ஒன்பது அதை எடுத்துக்கவே இல்ல. எட்டு உங்களோடதுதான் சார், இன்னிக்கும் போடலாம். பழைய வெர்ஷன் எல்லாம் எங்க வெப்சைட்ல இருக்கு. லிங்க் அனுப்பறேன். ஆனா நான் கெளம்பிடுவேன். ஏதாவதுன்னா திங்கள்தான்."

எட்டு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறக்கம் நின்றதா நடக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் போனது. மறுதொடக்கம் செய்தால் இறக்கம் அறுபடும். ஆகவே மனைவி பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொன்னாள். "அறுபத்திரண்டு. அறுபத்திரண்டுதான் இன்னும். சோறு ஆறுது. அறுபத்தி மூணு." ஒன்பதை நீக்கி எட்டை நிறுவினேன். உரிம எண்ணை அடித்துவிட்டு, கடைசி விசையில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தேன். இருப்பது ஒரே அனுமதி.

"அமுத்துங்க" என்றாள்.

செயல்படுத்தப்பட்டது என்றது குரல்.

நான் நம்பவில்லை. ஞாயிறு முழுவதும் குரல் நிற்காமல் பேசியும், திங்கள் காலை தேர்வு தொடங்கியபோதும் நம்பவில்லை. இதயநோய் மருத்துவர் ஒருவர் காதில் பேசிக்கொண்டிருந்தார். என் கவனம் பாதி நேரத்தின் மேல் இருந்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு மருந்தின் அளவைத் தவறாக அடித்தேன். முப்பத்தொன்பதில் அதைத் திருத்தினேன். நாற்பது வந்தது. விரல்களை விசைகளுக்கு மேல் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். குரல் நான் திருத்திய வரியைப் படித்தது. அதற்கு அடுத்த வரியையும் படித்தது. நான் காத்திருந்ததில் மருத்துவர் எங்கோ போய்விட்டிருந்தார். பின்னால் ஓட்டிக் கேட்டு, தொடர்ந்து அடித்தேன்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள், மூன்று மாதச் சோதனைக் காலத்தோடு. அன்று நாட்குறிப்பில் பழைய வரியைத் தேடி எடுத்தேன். அழிக்கவில்லை. அதன் கீழே எழுதினேன்: இலவச மேம்படுத்தலில் மீதி ஏதும் இல்லை. அனுமதியிலும் இல்லை. மழை வரும்போது கணினி வயரைப் பிடுங்கி வைக்க வேண்டும்.