அண்ணனின் மூன்று ரிப்போர்ட்டுகள்

1. அண்ணனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்தது. சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்தி, கறி, முட்டை, கொழுப்பு என்று பேலியோ உணவுமுறையில் இறங்கினார்.
2. சர்க்கரை சரியானது. உடம்பு இளைத்தது. அண்ணன் முன்பே ஒல்லி.
3. ஆரம்பிக்கும் முன் 118 இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, நான்கு மாதம் கழித்து 312 ஆனது.
4. அடுத்த ரிப்போர்ட்டில் அது 196. அண்ணன் ஜெயித்துவிட்டதாக அறிவித்தார்.

நான்காவதுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

அஸ்தம்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். 312 வந்த அன்று மெஷின் மீதுதான் சந்தேகப்பட்டேன். அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அண்ணனின் ரத்தத்தை மறுபடி வைத்தேன். அதே எண்.

அண்ணன் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். காலையில் வெண்ணெயில் பொரித்த முட்டை, மதியம் கறி, மாலையில் வெண்ணெய் போட்ட காபி. போனில் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ட்ரைகிளிசரைடு எவ்வளவு சாமி?"

"அறுபது."

"எச்டிஎல்?"

"எழுபத்தெட்டு."

"அப்பறம் என்ன? ரெண்டும் நல்லா இருந்தா எல்டிஎல்ல பாக்கவே வேண்டாம்னு எங்க பேலியோ குரூப்புல சொல்லியிருக்காங்க."

"ஒல்லியா இருக்கறவங்கள்ல சில பேருக்கு மாவுச்சத்த அடியோட நிறுத்துனா இப்படித்தான்ணா ஏறுது. மத்த ரெண்டும் அழகா இருக்கும், இது மட்டும் எங்கயோ போயிரும். அது அழகா இருக்குன்னு இது சும்மா இருக்காது. அப்பாவ நெனச்சுப் பாருங்க."

அப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. அண்ணன் பேச்சை மாற்றினார்.

சண்டை போட்டுத்தான் இரண்டாவது தடவை ரத்தம் கொடுக்க வைத்தேன். ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் வந்து கையை நீட்டினார். அதுதான் 196.

"பாத்தியா? அதே சாப்பாடு. உடம்பு பழகிக்கிச்சு."

நானும் ஒரு வாரம் நம்பினேன். பிறகு அண்ணியிடம் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டேன், அந்த நாட்களில் அண்ணன் முட்டைக்கு என்ன செய்தார் என்று.

"முட்டையா? கோயில்ல கம்பம் நட்டா ஊட்டுல கவுச்சியே ஆகாது கண்ணு. கம்பம் எடுக்கற வரைக்கும் பதினஞ்சு நாளும் உங்கண்ணனுந்தான் சோறும் பருப்பும் ரெண்டு தட்டு தின்னாரு. இனிமேத்தான் கெடா வெட்டணும்னு, விடிஞ்சதும் உங்கிட்ட ரத்தம் குடுக்க ஓடியாந்தாரு."

அண்ணன் ஏமாற்றவில்லை. விரதச் சாப்பாடு அவர் கணக்கில் சேராது, அது சாமி காரியம். அந்த நாட்களில் உள்ளே போன சோறுதான் எண்ணை இறக்கியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ரத்தம் கொடுத்த அன்றே கிடாய்க்கறி, மறுநாள் மறுபடி வெண்ணெய்.

நேரில் போய்ச் சொன்னேன். "லாரிய எஃப்சி டெஸ்டுக்குக் கொண்டு போறன்னைக்கு மட்டும் நல்ல டயரக் கடன் வாங்கி மாட்டுவீங்கல்ல? அந்த மாதிரிதான் இந்த ரிப்போர்ட்டும்."

ஆபீசில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "எஃப்சி பாஸ் ஆச்சுல்ல, போ" என்றார்.

அண்ணிதான் முடித்துவைத்தார். "ஒழுங்கா ரத்தம் குடுத்துட்டு வாங்க. இல்லீன்னா இந்த ஊட்டுல வெண்ணெய் உருகாது." அண்ணன் வழக்கமாகத் தின்பதைத் தின்றுவிட்டு, எதையும் மாற்றாமல், இரவு மட்டும் பட்டினி கிடந்து வந்தார். 327. தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன, அவை காரணமில்லை. கொழுப்பைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ பி சோதனையும் வைத்தேன். அதுவும் மிக அதிகம். குரூப்பின் சமாதானம் அதோடு உடைந்தது.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "சர்க்கரைக்காக ஆரம்பிச்சது தப்பில்லீங்க. ஆனா இத்தன கண்டிப்பு உங்களுக்கு வேண்டாம். மதியம் அளவாச் சோறு, பருப்பு, பழம். வெண்ணெயும் நெய்யும் கொறைங்க. சர்க்கரையையும் சேத்துப் பாத்துக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு, தெனமும் சாப்பிடறதையே சாப்பிட்டுட்டு வந்து ரத்தம் குடுங்க. எறங்கலீன்னா மாத்திரை. அப்பாவுக்கு இருந்ததால ரொம்ப நாள் விட மாட்டேன்."

"நெஞ்சு ஸ்கேன்ல ரத்தக்குழாய்ல கால்சியம் படியலீன்னா பயமில்லன்னு குரூப்புல..." என்று அண்ணன் இழுத்தார்.

"நாப்பது தாண்டாத வயசுல அது பெரும்பாலும் சுத்தமாத்தான் வரும். அத வெச்சு 327 பரவால்லன்னு சொல்ல முடியாதுங்க."

வண்டியை எடுக்கும்போது அண்ணன் என்னிடம், "உனக்கு இப்ப சந்தோசந்தான?" என்றார். இல்லை என்றேன்.

இன்றைய நிலை இது. அண்ணன் மதியம் ஒரு கரண்டி சோறு சாப்பிடுகிறார். வெண்ணெய் காபியை நிறுத்தியதாகச் சொல்கிறார், அண்ணி பாதிதான் நிறுத்தினார் என்கிறார். மாத்திரைக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குரூப்பை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த ரத்தம் எடுக்க வேண்டிய மாதத்தில் திருவிழா எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். கடைசியாக வந்த எண் 327, அது இறங்கியதற்கு இதுவரை எந்த ஆதாரமும் இல்லை.