வர்க்கமூலத்தை இரண்டு முறை போட்டவன்

என்னைப் பயிற்சிக்காக மும்பைக்கு அனுப்பியதுதான் எங்கள் வங்கி செய்த முதல் தப்பு. ஐந்தே நாள். போகும்போது சாதாரண ஆபீஸராகப் போனேன். வரும்போது நிபுணனாக வந்து இறங்கினேன். திருவொற்றியூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவன் என்பது எனக்கே மறந்துபோயிற்று.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வங்கியின் முதலீட்டுப் பிரிவான எங்கள் டிரஷரி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி கீபோர்டில் படியும், மூடினால் வெந்து சாக வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அரசாங்கப் பத்திரங்களை வாங்கி விற்கும் டீலர்கள். இந்தப் பக்கம் நான். அவர்கள் கையில் வைத்திருக்கும் பத்திரங்களால் வங்கிக்கு எவ்வளவு நஷ்டம் வரக்கூடும் என்று தினமும் காலையில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

அந்தக் கணக்குக்கு ‘வேல்யூ அட் ரிஸ்க்’ என்று பெயர். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. பத்திரங்களின் மொத்த மதிப்பு ஒரு நாளில் சராசரியாக எத்தனை சதவீதம் ஆடுகிறது என்று பழைய விலைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டம் மணி வடிவ வளைகோட்டில்தான் இருக்கும் என்று நம்பி, இரண்டு புள்ளி மூன்று மூன்றாலும் கையிருப்பின் மதிப்பாலும் பெருக்க வேண்டும். நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் நஷ்டம் இந்தத் தொகையைத் தாண்டாது என்று சொல்லிவிடலாம். நூறாவது நாளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது பத்து நாளைக்கான தொகை. இங்கேதான் நான் மேடை ஏறுவேன். “பத்து நாள் என்பதற்காகப் பத்தால் பெருக்குகிறவன் முட்டாள். ஒருநாள் விலை ஏறும், ஒருநாள் இறங்கும். பாதி அதிலேயே கழிந்துபோகும். நம்ம பஸ் ஒருநாள் லேட்டா வருது, ஒருநாள் சீக்கிரம் வருது, அது மாதிரி. அதனால் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கணும். மூணு புள்ளி ஒண்ணு ஆறு!”

“நம்ம பஸ்ஸு என்னைக்குய்யா சீக்கிரம் வந்துகீது?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஆபீஸே சிரித்தது.

அந்தக் குரல் எங்கள் தலைமை டீலருடையது. காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த அம்மா. மும்பை புரோக்கர்களிடம் போனில் வெண்ணெய் மாதிரி இங்கிலீஷ் பேசுவார். ரிசீவரை வைத்த அடுத்த நொடி எங்களிடம் ராயபுரத் தமிழ்தான். யாராவது முகம் சுளித்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசுவார். இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவிப் போயிருந்தது. மூன்றாவது முறையாக, நான் சொல்லவரும் வாரத்தின் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடவிருந்தது. அவர் கோப்பில் கறை ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு ஷீட்டை இறக்கினேன். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்து ஓய்வுபெற்றவர் போட்டுவைத்த ஷீட் எனக்குக் கேவலமாகத் தெரிந்தது. ராவும் பகலும் உட்கார்ந்து புதிதாகச் செய்திருந்தேன். கையிருப்பு இருநூறு கோடி. பத்து நாள் தொகை ஆறு கோடியைத் தாண்டக்கூடாது என்பது லிமிட். முந்தின நாள்வரை நாலரைக் கோடிக்குள் இருந்தது. என் ஷீட்டில் பதினான்கு கோடிக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

“இன்னா தம்பி, நேத்து பூட்டிக்கினு போறப்போ நாலரை கோடி. ராத்திரியில குட்டி போட்டுச்சா?” என்றார் அந்த அம்மா. “ஒரு பத்திரம்கூட நான் புச்சா வாங்கல. இன்னொரு தபா பாத்துடேன்.”

“பழைய ஷீட் தப்பு மேடம். இதுதான் சரி.”

“ரிட்டயர் ஆன மனுசன் இத்தினி நாளும் தப்பாவா போட்டாரு?”

“ஆமாம் மேடம்” என்றேன். கொஞ்சம்கூட நாக்கு குழறவில்லை.

எங்கள் மேலாளருக்குக் கணக்கு வராது, பயம் நன்றாக வரும். லிமிட் என்றால் லிமிட்தான், உடனே குறையுங்கள் என்றார். வேறு வழியில்லை. விலை ஏறப்போகிறது என்று சொல்லிச் சொல்லிப் பிடித்துவைத்திருந்த பத்திரங்களில் நூற்றுப் பதினைந்து கோடிக்கானதைப் பதினொன்றரை மணிக்குள் விற்றார் அந்த அம்மா. விற்று முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார்.

நான் லிமிட் மீறலுக்கான மெமோவை எழுத உட்கார்ந்தேன். அந்தப் படிவத்தில் ஒருநாள் தொகையையும் பத்து நாள் தொகையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுத வேண்டும். ஒருநாள் தொகை என் ஷீட்டில் தனியாக இல்லாததால் பழைய ஷீட்டிலிருந்து எடுத்தேன்: ஒரு கோடியே நாற்பது லட்சம். பக்கத்தில் பதினான்கு கோடி.

அட பாவி. சரியாகப் பத்து மடங்கு.

விலை ஆட்டத்தின் சதவீதத்தை முதல் பக்கத்திலேயே வர்க்கமூலம் பத்தால் பெருக்கிப் பத்து நாளுக்கு மாற்றிவிட்டேன். கடைசிப் பக்கத்தில், வந்த தொகையை இன்னொரு முறை வர்க்கமூலம் பத்தால் பெருக்கியிருந்தேன். இரண்டையும் பெருக்கினால் பத்து. பத்தால் பெருக்குகிறவன் முட்டாள் என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவன், சுற்றிவளைத்துப் பத்தால் பெருக்கியிருக்கிறான். சரியான தொகை நாலு கோடியே நாற்பத்திரண்டு லட்சம். ஓய்வுபெற்றவர் கணக்கில் கைநடுக்கம்கூடக் கிடையாது.

மணி பன்னிரண்டு. எழுந்து பத்தடி நடந்து சொல்லியிருக்கலாம். சொன்னது மூன்று மணிக்கு.

அந்த அம்மா கத்தவில்லை. இரண்டு போனையும் ஒரே நேரத்தில் எடுத்தார். விற்ற பத்திரங்களைத் திரும்ப வாங்கினார். அவர் சொன்னது போலவே விலை ஏறியிருந்தது. நூறு ரூபாய்க்கு இருபத்திரண்டு பைசா. மொத்தத்தில் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல் கை நழுவியது.

“எப்பத் தெரிஞ்சிது உனுக்கு?” என்று கேட்டார், எல்லாம் முடிந்தபின்.

“பன்னெண்டு மணிக்கு.”

“பன்னெண்டு மணிக்கு அஞ்சு பைசாதான் ஏறிக்கினு இருந்துச்சி” என்றார். ஆறு லட்சத்துக்குள் முடிந்திருக்கும். எனக்கும் அந்தக் கணக்கு உடனே வந்தது. இதற்கெல்லாம் மட்டும் தப்பே வராது எனக்கு.

மெமோவைக் கிழித்தோம். தப்பு என்னுடையது என்று கடிதம் கொடுத்தேன். கடிதம் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை கமிட்டிக்குப் போன தாளில் அந்த வாரத்து லாப நஷ்டம் மட்டும்தான் இருந்தது. ஏறுகிற நாளில் விற்று, ஏறியபின் வாங்கிய டீலர் என்று அதைப் படித்தார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

திங்கட்கிழமை அவர் மேசைக்குப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கும்போது அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது.

“கணக்கு தப்பிப்போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல தம்பி. அது யாருக்கும் ஆவும். அந்த மூணு மணி நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தே? அத்த மட்டும் சொல்லு.”

மற்றவர்களிடமெல்லாம், கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தேன். அவரிடம் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“ஒரு நோட் எழுதிக்கிட்டு இருந்தேன் மேடம். பதினாலு கோடிதான் சரின்னு.”

“எத்தினி பக்கம்?”

“நாலு.”

தலையாட்டிவிட்டு, மும்பைக்குப் போன் போட்டார்.