கலிஸ்ராவின் ஐம்பது பெட்டியும் தட்டுக் காசும்

கிளிநொச்சியில் என்னைத் தெரியாத கடைக்காரர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளில் சவர்க்காரம் கட்டித் துணுக்காய் வரை மிதித்தேன். இன்று இரண்டு களஞ்சியம், மூன்று வாகனம், நூற்றுப்பத்துக் கடைக்குச் சரக்குப் போடுகிறேன். கணக்கில் என்னை மடக்க ஆளில்லை என்று போன வருடம் வரை சொல்லித் திரிந்தேன். மடக்கியவளைப் பற்றி நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

கலிஸ்ரா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். புருசன் யாக்கோப்புக்கு இடுப்பு விழுந்து கடலுக்குப் போக முடியாமல் போனதும், நான்கு பெண்களைச் சேர்த்துக் கருவாட்டுச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைக்கத் தொடங்கினாள். முதல் முறை மாதிரிப் போத்தலோடு என் கடைக்கு வந்தபோது கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தாள். கால் ஒரு இடத்தில் நிற்காது.

ஐயாயிரம் லேபல் அடித்து வந்திருந்தாள். விலை நானூறு ரூபாய் என்று அதில் அச்சாகியிருந்தது. வழியில் எத்தனை கை பிடிக்கும் என்று பாராமல் அடித்த விலை. அடித்த பிறகு ஏற்ற முடியாது. எல்லாருடைய பங்கும் அந்த நானூற்றுக்குள்ளேதான் கழிய வேண்டும்.

"கடைக்காரனுக்கு இருபது வீதம், எனக்குப் பத்து, ஐம்பது பெட்டி ஒரேயடியா எடுத்தா இன்னுமொரு அஞ்சு. முப்பத்தஞ்சு கழிச்சா இருநூற்று அறுபது தருவன்," என்றேன்.

"அதென்ன முதலாளி, மூண்டையும் ஒரே சட்டியிலை போட்டுக் கிண்டுறியள்?" என்றாள்.

பக்கத்தில் கிடந்த பிஸ்கட் மட்டையைக் கிழித்து எழுதினாள். நானூற்றில் கடைக்காரனின் இருபது வீதம் எண்பது. அவன் எனக்குத் தருவது முந்நூற்று இருபது. என் பத்து வீதம் அந்த முந்நூற்று இருபதில், அது முப்பத்திரண்டு. மிச்சம் இருநூற்று எண்பத்தெட்டு. ஐம்பது பெட்டிக்கான ஐந்து வீதம் அந்த இருநூற்று எண்பத்தெட்டில், அது பதினான்கு ரூபாய் நாற்பது சதம். நான் அவளுக்குக் கொடுக்க வேண்டியது இருநூற்று எழுபத்து மூன்று ரூபாய் அறுபது சதம். மூன்றையும் சேர்த்தால் முப்பத்தொன்றரைக்குக் கொஞ்சம் மேலே, முப்பத்தைந்து இல்லை.

"சோதிச்சுப் பாத்தனான், பிள்ளை," என்றேன்.

"நானும் தான்," என்றாள். அவள் சோதித்தது கணக்கையல்ல, என்னை என்று அப்போது விளங்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். புதுச் சாமானைக் கடைத் தட்டில் முன்னுக்கு வைக்கக் கொம்பனிகள் கடைக்காரனுக்குத் தனியாகக் காசு கொடுக்கும். தட்டுக் காசு என்போம். போத்தலுக்குப் பத்து ரூபாய் கேட்டேன். யோசித்துத்தான் ஒத்துக்கொண்டாள். அதையும் கழித்தால் அவளுக்கு இருநூற்று அறுபத்து மூன்று ரூபாய் அறுபது. கருவாடு, தேங்காய், போத்தல், கூலி, ஒரு தடவை ஏற்றிவரும் பட்டா என்ற சின்ன லொறியின் வாடகை ஏழாயிரத்தில் பங்கு, எல்லாம் சேர்த்து ஒரு போத்தலுக்கு அவளுக்கு விழும் செலவு இருநூற்று ஐம்பத்திரண்டு. போத்தலுக்குப் பதினொன்று அறுபது மிஞ்சும். பெட்டிக்கு இருபத்து நான்கு போத்தல். ஐம்பது பெட்டிக்குப் பதின்மூவாயிரத்துத் தொளாயிரத்து இருபது.

பில் ஐம்பது பெட்டிக்குப் போட்டேன். களஞ்சியத்தில் இடமில்லை. "பதின்மூண்டு பெட்டியை இப்ப கொண்டுவாரும், மிச்சத்தைப் பிறகு பாப்பம்," என்றேன். நான்கு தடவையாக எடுத்தேன். மூன்று தடவை கூடுதலாக அவள் வாகனம் பிடித்தாள், இருபத்தோராயிரம். ஐந்து வீதக் கழிவை மட்டும் ஐம்பது பெட்டிக் கணக்கில் வெட்டினேன். எல்லா ஏசன்டும் செய்கிறதுதான், நான் மட்டுமில்லை.

அந்தச் சுற்று முடிந்ததும் அவளுக்கு ஏழாயிரத்து எண்பது ரூபாய் கைநட்டம். இன்னொரு சுற்று இப்படிப் போனால் நான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கடைத் தட்டில் தன் போத்தல் எப்படி நிற்கிறது என்று பார்க்க அன்றே பஸ் ஏறி மல்லாவிக்குப் போயிருக்கிறாள். இதை மல்லாவிச் சந்தையடியில் கடை வைத்திருக்கும் வீரம்மா எனக்குப் பிறகு சொன்னா. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை, யாருக்கும் அஞ்சாத வாய்.

கலிஸ்ராவின் போத்தல் வீரம்மாவின் கடையில் கொளுத்தி நுளம்பை விரட்டும் சுருள் பெட்டிக்குப் பின்னால், தூசியோடு இருந்ததாம்.

"ஏனக்கா முன்னுக்கு வைக்கேல்லை? பத்து ரூபா தந்தவைதானே?"

"பத்து ரூவாயா? எவன் குடுத்தான்? உங்க முதலாளி வண்டிக்காரன் தண்ணிதான் கேட்டுக் குடிச்சான்."

அந்தக் கடையில் தொடங்கிப் பதினான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறாள். தட்டுக் காசு கைக்கு வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கியிருக்கிறாள்.

இரண்டாவது ஐம்பது பெட்டிக்கு நான் சொல்லி மூன்றாம் நாள் காலை பட்டா என் கடை வாசலில் வந்து நின்றது. ஐம்பது பெட்டியும் ஏற்றி மேலே படங்கால் மூடிக் கட்டியிருந்தது. என் ஆட்கள் கயிற்றில் கை வைக்கக் கலிஸ்ரா தடுத்தாள்.

"அவிழ்க்காதேங்கோ. முதலாளி முதல்லை இதைப் பாக்கட்டும்."

கொப்பியைப் பார்த்தேன். பதின்மூன்று கையெழுத்து. வீரம்மா மட்டும் பெருவிரல் அடையாளம் வைத்திருந்தா.

"தட்டுக் காசு கடைக்குத் தந்தது, முதலாளி. உங்களுக்கில்லை," என்றாள்.

"உலகமெல்லாம் ஏசன்ட் எடுக்கிறதுதான், பிள்ளை."

"அப்ப உலகமெல்லாம் என்ரை போத்தல் நுளம்புச் சுருளுக்குப் பின்னாலையோ கிடக்குது?" டிரைவர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"ஐம்பது பெட்டிக்கழிவு நான் உழைச்சது. அதிலை கை வைக்காதையும்," என்றேன்.

அவள் வாகனத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். "எங்கடை கரையிலை மீன் கும்பலை ஏலம் கூறுறது தெரியுமோ? முழுக் கும்பலையும் அப்பவே அள்ளிக்கொண்டு போறவனுக்குத்தான் விலை இறங்கும். பாதியை மணலிலை விட்டிட்டு, நாளைக்கு வாறன், நாளையிண்டைக்கு வாறன் எண்டு சொல்லுறவனுக்கு ஆரும் இறக்கிறதில்லை. நாலு தரம் அள்ளினனீங்கள். அப்ப நாலு சின்னக் கும்பல் தான்."

கழிவு ஏன் கொடுக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை, எடுத்துத்தான் பழக்கம்.

"ஐம்பதையும் இண்டைக்கே இறக்கினா இருநூற்று எழுபத்து மூண்டு அறுபது. பதின்மூண்டு பதின்மூண்டா எடுத்தா இருநூற்று எண்பத்தெட்டு, ஒரு சதமும் குறையாது. தட்டுக் காசு தட்டைப் பாத்த பிறகு நானே கடைக்காரர் கையிலை குடுப்பன். இல்லாட்டி வவுனியாவுக்குப் போறன்."

வவுனியாவில் இவளை ஒருவருக்கும் தெரியாது, அது எனக்குத் தெரியும். அங்கு கூலி கொடுத்துப் போய்த் திரும்பினால் அவள் முழுகிப் போவாள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் எஞ்சின் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. சம்பல் பின்னுக்குக் கிடந்தும் பல கடையில் விற்று ஓடுகிற சாமான், வேறு ஏசன்ட் பிடித்தால் என் நூற்றுப்பத்துக் கடைக்கும் அவன்தான் கொண்டுபோவான்.

"உள்ளை அரிசி மூட்டையை ஒதுக்குங்கடா," என்றேன்.

எழுபத்திரண்டு வயதில் முதல் மூட்டையை நான்தான் இழுத்தேன், அதை ஒருவரும் மறுக்க முடியாது. ஒன்றரை மணித்தியாலத்தில் ஐம்பது பெட்டியும் உள்ளே போய்விட்டது. முதல் சுற்றில் நான் எடுத்த பன்னிரண்டாயிரம் தட்டுக் காசையும் எண்ணிக் கையில் கொடுத்தேன். கூடுதலாக ஏற்றிய வாகனக் கூலி இருபத்தோராயிரத்தைக் கொடுக்கவில்லை. நான் வியாபாரி. அதைக் கேட்டாள், மறுத்தேன், அவளும் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

கதிரையை மறுபடி காட்டினேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"மல்லாவி பஸ் போயிடும், முதலாளி," என்றாள். பன்னிரண்டாயிரத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து, கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினாள். பின்னேரம் வீரம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. போத்தல் இப்போது சுருளுக்கு முன்னால் நிற்கிறதாம், பின்னுக்குப் போன நுளம்புச் சுருளின் ஏசன்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டா.